நோயாளர் கையேட்டுத் தமிழாக்கம்: சொல்லுக்கு 28 சென், 38 சென், 8 சென் – எது நியாயமான விலை?

ஜெலுத்தோங் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் நன்கொடையில் நடக்கும் ஒரு சிறிய டயாலிசிஸ் மையத்தின் செயற்குழுவில் நான் தொண்டூழியராக இருக்கிறேன். எங்கள் மையத்திற்கு வரும் நோயாளர்களில் கணிசமானோர் தமிழ் மட்டுமே சரளமாகப் படிக்கக்கூடிய முதியவர்கள். ஆங்கிலத்தில் இருக்கும் நோயாளர் கையேட்டைத் தமிழாக்கி, ஏ5 அளவில் வடிவமைத்து அச்சிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். கையேட்டில் வேர்ட் கோப்பின் கணக்குப்படி 9,600 சொற்கள் உள்ளன.

தனியாகப் பணிபுரியும் மூன்று மொழிபெயர்ப்பாளர்களிடம் விலை கேட்டோம். முதலாமவர் சொல்லுக்கு 28 சென் என்றார். இரண்டாமவர் 38 சென் என்றார். அவருடைய விலைப்புள்ளியின் அடியில் "தமிழ்ச் சொல் எண்ணிக்கைப்படி" என்று ஒரு வரி இருக்கிறது. மூன்றாமவர் 8 சென் என்றார். எங்கள் பொருளாளர் மூன்றையும் 9,600 ஆல் பெருக்கி, 2,688 ரிங்கிட், 3,648 ரிங்கிட், 768 ரிங்கிட் என்று தாளில் எழுதி, மூன்றாமவருக்கே கொடுத்துவிடலாம் என்கிறார். வடிவமைப்புக்கு ஒருவர் மட்டுமே விலை கொடுத்தார்: மணிக்கு 70 ரிங்கிட், 40 மணி நேரம், மொத்தம் 2,800.

நன்கொடைப் பணம் என்பதால் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் நாங்கள் கணக்குக் காட்ட வேண்டும். அதே வேளையில், குறைந்த விலைக்குக் கொடுத்து நோயாளர் தவறாகப் புரிந்துகொள்ளும்படி ஆகிவிடுமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. இந்த விலைகள் நியாயமா என்பதை எப்படிச் சோதிப்பது?

பட்டர்வொர்த் மணியம் எழுதியது:

தமிழ்ச் சொல்லைத்தான் எண்ண வேண்டும், அம்மா. நீங்கள் வாங்குவது தமிழ். விலை கொடுப்பதும் அதற்குத்தானே இருக்க வேண்டும்? தமிழில் சொற்கள் ஒட்டி வருவதால் எண்ணிக்கை எப்போதும் ஆங்கிலத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆங்கிலச் சொல்லை எண்ணுகிறவர்கள் உங்களிடம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிவிடுகிறார்கள். அந்த 38 சென் மொழிபெயர்ப்பாளர்தான் நேர்மையானவர் என்பது என் கருத்து.

கிள்ளான் அன்னம் எழுதியது:

நான் சென்ற ஆண்டு என் மகனின் பிறப்புச் சான்றிதழை மலாயிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கக் கொடுத்தேன். ஒரே பக்கம், 80 ரிங்கிட் வாங்கினார்கள். அதில் நூறு சொல்கூட இருந்திருக்காது. நீங்கள் சொல்லும் விலையில் பார்த்தால் 28 ரிங்கிட்தான் வந்திருக்க வேண்டும். என்னை ஏமாற்றிவிட்டார்களா? சொல் கணக்கில் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

செந்தூல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்னம் அவர்களே, உங்களுடையது வேறு வகைப் பணி. சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பில் நீங்கள் கட்டுவது நூறு சொல்லுக்கான கூலி மட்டுமன்று. மூலத்தோடு ஒத்திருக்கிறது என்று ஒருவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்துப் பொறுப்பேற்பதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ஆகையால் அதைப் பக்கத்திற்கு இவ்வளவு என்று வாங்குவதே வழக்கம். அந்த விலையை இந்தக் கையேட்டுடன் ஒப்பிட முடியாது.

ஜெலுத்தோங் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நான் கோலாலம்பூரில் 19 ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவன். பெரும்பாலும் மருத்துவமும் காப்புறுதியும். உங்கள் பொருளாளர் செய்த பெருக்கலில் ஒரு பிழை இருக்கிறது. இரண்டாமவர் 38 சென் என்றது தமிழ்ச் சொல்லுக்கு. அதை ஆங்கிலச் சொல்லின் எண்ணிக்கையால் பெருக்கினால் அவருக்கு அநீதி ஆகிவிடும். மணியம் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை: தமிழில் சொற்கள் குறையும். ஆங்கிலத்தில் ஐந்து சொல்லாக நிற்கும் "in front of the house" தமிழில் "வீட்டின் முன்னால்" என்று இரண்டே சொல்லாகிவிடுகிறது. என் கோப்புகளில் ஆயிரம் ஆங்கிலச் சொல் 650 முதல் 800 தமிழ்ச் சொல்லாக வந்திருக்கிறது. அதனால்தான் தமிழ்ச் சொல்லை எண்ணுகிறவர் விலையைக் கூட்டிச் சொல்கிறார். ஆங்கிலச் சொல்லை எண்ணுகிறவர் குறைத்துச் சொல்கிறார். இருவரில் எவரும் ஏமாற்றவில்லை. எண்ணும் அடிப்படைதான் வேறு.

ஆனால் 650-க்கும் 800-க்கும் இடையே இருக்கும் அகலத்தைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் எழுதுகிறவரின் பழக்கத்தைப் பொறுத்தது. "குடித்துவிடக்கூடாது" என்று ஒருவர் ஒரு சொல்லாக எழுதுவதை இன்னொருவர் "குடித்து விடக் கூடாது" என்று மூன்றாகப் பிரித்து எழுதுவார். இரண்டுமே புழக்கத்தில் உள்ளவைதான். கணினிக்கோ இடைவெளிதான் கணக்கு. ஆகவே தமிழ்ச் சொல் எண்ணிக்கையில் ஒப்பந்தம் போட்டால், வேலை முடியும் வரை மொத்தத் தொகை என்னவென்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆங்கில மூலத்தின் எண்ணிக்கையோ இன்றே உங்கள் இருவர் கண்ணுக்கும் தெரியும். எல்லா விலையையும் ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள் என்பதே என் முதல் யோசனை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. கையேட்டில் சற்றுக் கடினமான ஒரு பகுதியில் சரியாக 400 சொற்களை எடுத்து, மூவருக்கும் ஒரே பகுதியை அனுப்புங்கள். அதற்கு அவரவர் விலைப்படி பணம் கொடுங்கள். முதலாமவருக்கு அது 112 ரிங்கிட்தான் ஆகும். திரும்பி வரும் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணினால் ஒவ்வொருவரின் விகிதமும் தெரிந்துவிடும்; தரமும் அதிலேயே தெரியும்.

இன்னொன்று, அந்த 9,600 எப்படி வந்தது? வேர்டில் சொல் எண்ணிக்கைப் பெட்டியைத் திறந்து, "Include textboxes, footnotes and endnotes" என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். படங்களுக்குள் இருக்கும் எழுத்து எப்படியும் கணக்கில் வராது. அதை மொழிபெயர்ப்பது விலைக்குள் அடங்குமா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும் பக்கங்கள் இருந்தால் அவற்றை ஒரு முறைதான் எண்ண வேண்டும். பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் ஏற்கெனவே மொழிபெயர்த்த வரிகளை நினைவில் வைக்கும் மென்பொருளில்தான் வேலை செய்கிறோம். மெமோகியூ, டிராடோஸ், இலவசமாகக் கிடைக்கும் ஒமேகாடி, எதுவாக இருந்தாலும் திரும்ப வரும் வரியை அது தானாகவே நிரப்பிவிடும்.

ஜெலுத்தோங் வாசகி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கோப்பை மீண்டும் பார்த்தேன். கட்டத்தில் குறி இருந்தது. ஆனால் கையேட்டின் கடைசியில் எடையும் குடித்த நீரின் அளவும் எழுதி வைக்கும் வாராந்தரப் பதிவுத்தாள் ஏழு பக்கங்களுக்கு அப்படியே திரும்ப வருகிறது. ஒவ்வொன்றிலும் 130 சொற்கள். ஆறு பக்கங்கள் வெறும் நகல் என்பதால் 780 சொற்களைக் கழித்தேன், 8,820 மிச்சம். முதலாமவரிடம் இதைச் சொன்னபோது, மறுப்பில்லாமல் ஒப்புக்கொண்டார். அவர் விலை 2,688-லிருந்து 2,469.60 ஆகக் குறைந்தது.

நீர்க் கட்டுப்பாடும், டயாலிசிஸ் ஊசி போடும் இடமான கையிலுள்ள ஃபிஸ்டுலாவின் பராமரிப்பும் வரும் 400 சொல் பகுதியை மூவருக்கும் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் எழுதுகிறேன்.

பாயான் லெப்பாஸ் கணக்காளர் எழுதியது:

சொல் எண்ணிக்கையை நீங்கள் விரிவாகப் பேசுகிறீர்கள். ஆனால் சொல்லுக்கு 28 சென் என்பதே அதிகமா குறைவா என்று யாரும் சொல்லவில்லையே. மணிக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்தால்தானே நமக்குப் புரியும்?

செந்தூல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நியாயமான கேள்வி. சொல் விலையை மணி விலையாக மாற்றிப் பார்ப்பதே சரியான சோதனை. என் வேகத்தை வைத்துச் சொல்கிறேன். நோயாளருக்கான மருத்துவ வாசகத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது, முதல் வரைவு மணிக்கு ஏறத்தாழ 250 சொல் நகரும். 8,820 சொல்லுக்கு 35 மணி நேரம். பிறகு மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்துவது மணிக்கு 900 சொல் என்று வைத்தால் 10 மணி நேரம். கலைச்சொற்களை மையத்தின் தாதியரோடு பேசி முடிவு செய்வதற்கும், உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கும் 5 மணி நேரம். ஆக மொத்தம் 50. முதலாமவரின் 2,469.60-ஐ 50 ஆல் வகுத்தால் மணிக்கு 49 ரிங்கிட்டுக்குச் சற்று மேல்.

இதே 50 மணியை மூன்றாமவருக்குப் போட்டுப் பாருங்கள். 8,820 சொல், 8 சென்: 705 ரிங்கிட் 60 சென். மணிக்கு 14 ரிங்கிட். வாடிக்கையாளர் தேடுவது, விலை அனுப்புவது, பணத்துக்குக் காத்திருப்பது எல்லாம் போக, நான் குறித்து வைக்கும் ஏட்டின்படி கூலி கிடைக்கும் மணிகள் மாதத்துக்கு நூறைத் தாண்டுவது அரிது. நூறு மணிக்கு 1,400 ரிங்கிட். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமான 1,700-க்கும் கீழே போகிறது. படித்த ஒருவர் இந்த வருமானத்தில் நீடிக்க மாட்டார். ஆகவே அவர் 50 மணி உழைக்கப் போவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். முதலாமவரின் மணிக்கூலியையே அவரும் எதிர்பார்த்தால், முழுக் கையேட்டையும் 14 மணிக்குள் முடித்தாக வேண்டும். அப்படியானால் மணிக்கு 600 சொல்லுக்கு மேல், திருத்துவதும் அதற்குள்ளேதான். அந்த வேகத்தில் விடுபட்டுப் போவது சரிபார்ப்புதான்.

பாயான் லெப்பாஸ் கணக்காளர் எழுதியது:

மணிக்கு 49 ரிங்கிட் என்பது எனக்கு அதிகமாகத் தோன்றுகிறது. நான் மாதம் 4,500 ரிங்கிட் சம்பளம் வாங்குகிறேன். மாதத்திற்கு 172 மணி நேரம் அலுவலகத்தில் இருக்கிறேன். மணிக்கு 26 ரிங்கிட்தான் வருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒருவருக்கு ஏன் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும்?

செந்தூல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தம்பி, உங்கள் கணக்கை உங்கள் முதலாளியின் பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். 4,500-க்கு மேல் அவர் உங்கள் ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு, அதாவது 585 ரிங்கிட், கட்டுகிறார். சொக்சோவும் மருத்துவ விடுப்பும் ஆண்டு விடுப்பும் கணினியும் அதற்கு மேல். சேமநிதியோடு மட்டும் 5,085. தனியாக உழைப்பவர் அதே 5,085-ஐத் தன் நூறு மணிகளுக்குள் ஈட்டியாக வேண்டும். மணிக்கு 51 ரிங்கிட் ஆகிறது. அப்படிப் பார்த்தால் முதலாமவர் உங்களைப் போன்ற நிலையில் உள்ள ஒருவர் கேட்கக்கூடிய கூலியைத்தான் கேட்கிறார். உங்கள் 172 மணியில் கூட்டங்களும் காத்திருப்பும் அடங்கும். அவருடைய 50 மணியில் அவை இல்லை.

பாயான் லெப்பாஸ் கணக்காளர் எழுதியது:

சேமநிதிப் பங்கை நான் மறந்துவிட்டது உண்மைதான் அண்ணன். ஆனால் கூலி கிடைக்கும் மணிகள் நூறுதான் என்பதை வாடிக்கையாளர் ஏன் சுமக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் ஒப்புதலாகவில்லை. வேலை குறைவாகக் கிடைப்பது அவருடைய தொழில் நிலை. நூற்று முப்பது மணி என்று வைத்தால் 39 ரிங்கிட்தான் வரும்.

ஜெலுத்தோங் வாசகி எழுதியது:

மாதிரிகள் வந்துவிட்டன. முடிவு நான் எதிர்பாராதது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாமவரின் தமிழில் 272 சொற்கள், அதாவது மூலத்தில் 68 விழுக்காடு. இரண்டாமவரின் தமிழில் 316 சொற்கள், 79 விழுக்காடு. முதலாமவரின் விகிதத்தையே இரண்டாமவருக்கும் போட்டிருந்தால் அவருடைய விலை ஆங்கிலச் சொல்லுக்கு 26 சென்னுக்கும் குறைவாக வந்து, அவரே மலிவு என்று நினைத்திருப்பேன். அவருடைய சொந்த விகிதத்தில் போட்டால் 30 சென் வருகிறது. முழுக் கையேட்டுக்கு 2,648 ரிங்கிட். முதலாமவரைவிட ஏறத்தாழ 178 ரிங்கிட் கூடுதல். பொருளாளர் அஞ்சிய 3,648 அன்று. ஆனால் மணியம் ஐயா சொன்னது போல மலிவும் அன்று.

மூன்றாமவரின் மாதிரி இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிட்டது. அதில் ஃபிஸ்டுலாவைக் குறிக்கும் 'ஆக்சஸ்' என்ற சொல் எல்லா இடத்திலும் "அணுகல்" என்று இருந்தது. "உங்கள் அணுகலைத் தினமும் தொட்டுப் பாருங்கள்" என்ற வரியைப் படித்த எங்கள் மூத்த தாதி அப்படியே தாளைக் கீழே வைத்துவிட்டார். உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை நாங்கள் உலர் எடை என்போம். அதை அவர் "வறண்ட எடை" என்று எழுதி, அடுத்த பத்தியில் "எடை குறைந்து வறட்சி அடைதல்" என்ற பொருள் வரும்படி செய்திருந்தார். அதை நம்பும் நோயாளர் தன் எடையைப் பற்றித் தவறாகவே முடிவு செய்வார்.

பட்டர்வொர்த் மணியம் எழுதியது:

இரண்டாமவர் வேண்டுமென்றே சொற்களைப் பிரித்துக் கூட்டியிருக்கிறார் என்று தோன்றுகிறது. தமிழ்ச் சொல் எண்ணிக்கையை நான் பரிந்துரைத்தது தவறாகிவிட்டது. இப்படி ஒரு வழி இருப்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஜெலுத்தோங் வாசகி எழுதியது:

அப்படி நான் நினைக்கவில்லை ஐயா. அவரிடம் நேரடியாகவே கேட்டேன். முதியவர்களுக்கான வாசகத்தில் நீண்ட கூட்டுச் சொற்களைப் பிரித்து எழுதுவதுதான் தன் பல ஆண்டு வழக்கம் என்று சொல்லி, வேறொரு வாடிக்கையாளருக்குச் செய்து ஏற்கெனவே அச்சான ஒரு துண்டறிக்கையைக் காட்டினார். அதிலும் அப்படியே இருந்தது. எங்கள் தாதி முதல் இரண்டு மாதிரிகளையும் மூன்று நோயாளர்களிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். மூவரும் இரண்டாமவரின் வாசகத்தையே தடுமாறாமல் படித்தார்கள். பிரித்து எழுதியதற்கு நாங்கள் சில சென் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை என்றே படுகிறது. இருந்தாலும் மொத்தத் தொகை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று கேட்டதற்கு, ஆங்கிலச் சொல்லுக்கு 29 சென் என்று நிலையாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். 2,557 ரிங்கிட் 80 சென். படங்களின் குறிப்புகளும் அதற்குள் அடக்கம் என்று எழுத்தில் தந்திருக்கிறார்.

இனி வடிவமைப்பாளரின் 40 மணி நேரத்தைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

ஆயர் ஈத்தாம் வடிவமைப்பாளர் எழுதியது:

நான் நூல், ஆண்டு மலர், கையேடு வடிவமைப்பவள். மணிக்கு 70 ரிங்கிட் என்பதைவிட அந்த 40 எப்படி வந்தது என்பதே முக்கியம், அக்கா. அதைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரித்துக் காட்ட முடியாதவர் ஊகித்துச் சொல்கிறார் என்று பொருள்.

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன். பக்க அமைப்பும் எழுத்துப் பாணிகளும் வகுக்க 5 மணி, அட்டைக்கு 4. உங்கள் ஆங்கிலக் கையேட்டில் பதிவுத்தாள் நீங்கலாக எத்தனை பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. 8,690 சொல்லுக்கு ஏறத்தாழ 28 பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். பக்கத்திற்கு 25 நிமிடம் வைத்தால் 12 மணிக்குச் சற்றுக் குறைவு. பதிவுத்தாளை ஒரு முறை அமைத்து ஆறு முறை நகலெடுப்பதால் ஏழுக்கும் சேர்த்து 2 மணி போதும். இங்கேயும் ஏழு பக்கத்திற்கு ஏழு மடங்கு கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஐந்து படங்களில் தமிழ்க் குறிப்பு ஏற்ற 4 மணிக்குள். இரண்டு சுற்றுத் திருத்தத்திற்கு 6, அச்சகத்திற்கான கோப்புத் தயாரிக்க ஒன்றரை. ஏறத்தாழ 34 மணி வருகிறது.

ஆனால் இது ஆங்கிலப் பக்க எண்ணிக்கையில் போட்டது. தமிழில் சொற்கள் குறைந்தாலும் ஒவ்வொரு சொல்லும் நீளம், எழுத்துகளும் அகலம். முதியவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கினால் இன்னும் இடம் பிடிக்கும். மாதிரிப் பகுதியை உங்களுக்கு வேண்டிய எழுத்தளவில் ஒரு ஏ5 பக்கத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஒன்றேகால் பக்கமாகிறது என்றால் 28 பக்கம் 35 ஆகும். கூடுதல் 7 பக்கத்திற்கு 3 மணி. அப்போது 37. உங்களுக்கு வந்த 40 இதற்கு மிகத் தொலைவில் இல்லை. முதுகில் கம்பி அடித்துத் தைக்கும் நூலென்றால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

மிக முக்கியமாக, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று கேளுங்கள். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை "Adobe World-Ready Paragraph Composer" என்பதற்கு மாற்றாமல் தமிழை ஒட்டினால், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்; 'கொ' போன்ற எழுத்துகள் சிதைந்து தெரியும். படிக்கத் தெரியாதவருக்கு அது பிழை என்றே தெரியாது. சிலர் இதற்கு வழி தெரியாமல் வாசகத்தைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்வார்கள். தாளில் அழகாகவே இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டு ஒரு வரியைத் திருத்த நகலெடுத்தால் ரோமன் எழுத்துகளாக வந்து விழும். யூனிகோடிலேயே வேண்டும் என்றும், மாற்றும் நேரத்திற்குக் கூலி இல்லை என்றும் எழுதி வாங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் செயலாளர் எழுதியது:

மணிக்கணக்கில் ஒப்பந்தம் செய்யும் முன் என் அனுபவத்தையும் கேளுங்கள். எங்கள் சங்க ஆண்டு மலருக்கு ஒரு வடிவமைப்பாளரை மணிக்கு 50 ரிங்கிட் என்று அமர்த்தினோம். 30 மணி ஆகும் என்று வாய்மொழியாகச் சொன்னார். கடைசியில் 71 மணிக்கு, 3,550 ரிங்கிட்டுக்கு, ரசீது வந்தது. நாங்கள் சண்டைக்குப் போனோம். பிறகு அவர் மணிக்குறிப்பைக் காட்டியபோது பேச முடியவில்லை. ஏனென்றால் முழு வாசகமும் கைக்கு வருமுன்பே நாங்கள் வேலையைத் தொடங்கச் சொல்லி, ஒவ்வொரு நாளும் ஒரு கட்டுரையை மாற்றி மாற்றி அனுப்பியிருந்தோம். ஒன்பது சுற்றுத் திருத்தம். அவர் மீது குறை இருந்தது என்றால், முப்பதைத் தாண்டிய அன்றே சொல்லவில்லை என்பதுதான். அம்மா, உச்ச வரம்பு ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். மணிகள் முக்கால்வாசி தீர்ந்ததும் அறிவிக்க வேண்டும் என்றும் சேருங்கள்.

ஆயர் ஈத்தாம் வடிவமைப்பாளர் எழுதியது:

அதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். கூடவே, வரம்பு எங்களையும் காக்க வேண்டும். "இரண்டு சுற்றுத் திருத்தம்" என்றால், பிழைகளை எல்லாம் ஒரே பட்டியலாகத் தொகுத்து இரண்டு முறை தருவது. செயற்குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஒரு சுற்று ஆகாது.

ஜெலுத்தோங் வாசகி எழுதியது:

வடிவமைப்பாளர் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஆங்கிலக் கையேட்டில் சரியாக 28 பக்கம்தான், தங்கை. அவர் கணக்கும் உங்களுடையதும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஓரிடத்தில் மட்டும் வேறுபாடு: பதிவுத்தாள்களுக்கு 6 மணி போட்டிருந்தார். நகல்தான் என்று விளக்கியதும் 2 ஆக்கினார். ஆக 36 மணி, 2,520 ரிங்கிட்; 40 மணிக்கு மேல் என் எழுத்து மூல ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது. மாதிரிப் பக்கம் ஒன்றேகாலைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது. தனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே வரும் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பக்க அமைப்பு முடிந்த பிறகு மொழிபெயர்ப்பாளர் ஒரு முறை முழுவதையும் படித்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஆனால் இதில்தான் இப்போது சிக்கல். அந்த வாசிப்பு தன் 29 சென்னுக்குள் அடங்காது என்றும், மணிக்கு 50 ரிங்கிட் என்று 6 மணி ஆகும் என்றும் மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார். தன் மொழிபெயர்ப்புக்குத் தானே பொறுப்பு என்பதால் அது அடங்கியே ஆக வேண்டும் என்கிறார் பொருளாளர்.

செந்தூல் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நான் தனியாகத்தான் வாங்குவேன். சொல் விலை என்பது வேர்ட் கோப்பை ஒப்படைக்கும் வரை. பக்கத்தில் ஏற்றும்போது விழும் பிழைகள் என்னுடையவை அல்ல. 35 பக்கமும் பதிவுத்தாளும் படங்களும் பார்க்க 6 மணி என்பது கூடுதலும் இல்லை.

ஆயர் ஈத்தாம் வடிவமைப்பாளர் எழுதியது:

மன்னிக்கவும் ஐயா, எனக்கு உடன்பாடில்லை. நான் சேர்ந்து வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு முறை பார்த்துத் தருவதை விலைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது முறைக்குத்தான் தனிக் கூலி. மேலும், அந்த வாசிப்பில் அவர்கள் தங்கள் சொந்தப் பிழைகளையும் சிலவற்றைக் கண்டுபிடித்துத் திருத்துகிறார்கள். அந்த நேரத்துக்கு வாடிக்கையாளர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

பாயான் லெப்பாஸ் கணக்காளர் எழுதியது:

திருத்தங்களை இரண்டு நிறத்தில் குறிக்கச் சொல்லலாமே. வடிவமைப்பில் விழுந்த பிழை ஒரு நிறம், மொழிபெயர்ப்பில் இருந்த பிழை இன்னொரு நிறம். எது எவ்வளவு என்று தெரிந்த பிறகு 300 ரிங்கிட்டை யார் ஏற்பது என்று பேசலாம்.

ஜெலுத்தோங் வாசகி எழுதியது:

இரண்டு நிற யோசனையை இருவரிடமும் கேட்டேன். வடிவமைப்பாளர் சம்மதித்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் நாளை பதில் சொல்வதாக எழுதியிருக்கிறார். வியாழக்கிழமை செயற்குழு கூடுகிறது. அந்த 6 மணி நேரத்தைத் தனி வரியாகவே வரவு செலவுத் திட்டத்தில் வைத்திருக்கிறேன்.